மூன்று நிலைகள், ஒரே விதி: திரான்சிற்றரைப் பற்றி ஒரு பாடம்



2007ஆம் ஆண்டு வன்னியில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். திரான்சிற்றர் பாடம். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, துண்டிப்பு நிலை, உயிர்ப்பு நிலை, நிரம்பல் நிலை என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய விதியை எழுதினேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், தான் எந்த நிலையில் நிற்கிறது என்று திரான்சிற்றருக்கு யார் சொல்வது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "பரீட்சைக்கு இந்த மூன்றையும் பாடமாக்கு, போதும்" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான்.

அக்கேள்விக்குச் சரியான விடை உண்டு. அதை அன்று நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு இங்கு நமது வார இறுதி வகுப்பில் வேறொரு மாணவன் ஏறத்தாழ அதே இடத்தில் வந்து நின்றான். ஆகவே இம்மலரில் அவ்விடையை எழுதிவிடுவதென்று எண்ணினேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். திரான்சிற்றரின் மூன்று கால்களை இலங்கைப் பாடநூல்கள் காலி, அடி, சேகரிப்பான் என்கின்றன. தமிழகப் பாடநூல்கள் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்கின்றன. காலுதல் என்றாலும் உமிழ்தல் என்றாலும் பொருள் ஒன்றே. எனினும் பேச்சு வழக்கில் 'காலி' என்பது வெறுமையையும் குறிப்பதால், இக்கட்டுரையில் உமிழ்ப்பான், அடி, சேகரிப்பான் என்று வழங்குகிறேன்.

மாணவனின் முறைப்பாடு

இங்குள்ள பல வீடுகளில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் வீட்டினுள் விளக்கு எரியவேண்டும் என்று நமது மாணவன் ஒரு சுற்று அமைத்தான். தொட்டியினுள் இரண்டு கம்பிகள். நீர் அவற்றைத் தொட்டதும், நீரினூடாகச் சிறு மின்னோட்டம் திரான்சிற்றரின் அடிக்குள் நுழையும். அது சேகரிப்பானில் பெரிய மின்னோட்டத்தை இயக்கி விளக்கை எரிக்கும். அளந்து பார்ப்பதற்காக அவன் விளக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1 கிலோ ஓம் தடை ஒன்றை வைத்திருந்தான். மின்வழங்கல் 5 வோல்ற்று. உமிழ்ப்பான் நேரே மறைமுனையில் இணைந்திருந்தது. திரான்சிற்றரின் மின்னோட்டப் பெருக்கம் ஏறத்தாழ 100.

கம்பிகள் விலகியிருந்தபோது அடி மின்னோட்டம் 0.02 மில்லி அம்பியர். சேகரிப்பான் மின்னோட்டம் 2 மில்லி அம்பியர். நூறு மடங்கு, கணக்குச் சரி. பின்னர் கம்பிகளை நெருக்கி அடி மின்னோட்டத்தை 0.1 மில்லி அம்பியராக்கினான். 10 மில்லி அம்பியரை எதிர்பார்த்தான், மானி 4.9 என்று காட்டியது. "சார், பெருக்கம் நூறிலிருந்து ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. திரான்சிற்றர் பழுதாகிவிட்டது, வேறு வாங்கவேண்டும்" என்று வந்தான்.

திரான்சிற்றர் பழுதாகவில்லை. 5 வோல்ற்று மின்வழங்கல் 1 கிலோ ஓம் தடையினூடாக 5 மில்லி அம்பியருக்கு மேல் தரமுடியாது என்பதை அவனே விரைவில் கண்டுகொண்டான். ஆனால் அடுத்து அவன் கேட்டதே நல்ல கேள்வி: "அப்படியானால் மிகுதி அடி மின்னோட்டம் எங்கே போயிற்று?" நூறு மடங்கு என்ற விதியில் இதற்கு இடமில்லை. 'நிரம்பல் நிலை' என்று பெயர் சூட்டிவிட்டால் விடை கிடைத்துவிடாது.

இரு குளமும் ஒரு வாய்க்காலும்

இரண்டு குளங்களை ஒரு வாய்க்கால் இணைக்கிறது என்று எண்ணுங்கள். வாய்க்காலில் ஓடும் நீர் இரு குளங்களின் நீர்மட்ட வேறுபாட்டைப் பொறுத்தது. மேற்குளம் உயர்ந்தும் கீழ்க்குளம் வறண்டும் இருந்தால் ஓட்டம் மேற்குளத்தை மட்டுமே பொறுத்ததுபோல் தோன்றும். கீழ்க்குளத்திலும் நீர் ஏறினால் ஓட்டம் குறையும். இரண்டும் வறண்டால் ஓட்டமே இல்லை. இம்மூன்றுக்கும் மூன்று விதிகள் தேவையில்லை. "ஓட்டம் வேறுபாட்டைப் பொறுத்தது" என்ற ஒன்றே போதும்.

திரான்சிற்றரின் மெல்லிய அடிப்பகுதியே அந்த வாய்க்கால். என்.பி.என். வகையில் அதனூடாகப் பரவிச் செல்பவை இலத்திரன்கள். அடியின் ஒரு முனையில் உமிழ்ப்பான் சந்தியும் மறுமுனையில் சேகரிப்பான் சந்தியும் உள்ளன. ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு இலத்திரன்கள் செறிந்திருக்கும் என்பதை அந்தந்தச் சந்தியின் மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் அடுக்குக்குறி முறையில் நிகழ்கிறது: அறை வெப்பநிலையில் சந்தி மின்னழுத்தம் 0.06 வோல்ற்று ஏறுந்தோறும் செறிவு பத்து மடங்காகும். இரு முனைகளின் செறிவு வேறுபாட்டுக்கு ஏற்ப இலத்திரன்கள் பரவிக் கடக்கின்றன. இந்தக் கடப்பே சேகரிப்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் பொதுவான மின்னோட்டம். இலத்திரன்கள் அடியைக் கடப்பதையே மூலமாகக் கொள்வதால் இதனைக் கடத்தல் மாதிரி எனலாம்.

இதைச் சமன்பாடாக எழுதுவோம். VBE என்பது அடி–உமிழ்ப்பான் மின்னழுத்தம். VBC என்பது அடி–சேகரிப்பான் மின்னழுத்தம்.

```
F  = IS (e^(VBE/VT) − 1)
R  = IS (e^(VBC/VT) − 1)

IC = F − R − R/βR
IB = F/βF + R/βR
IE = IC + IB
```

F என்பது மேற்குளத்தின் பங்கு. R என்பது கீழ்க்குளத்தின் பங்கு. F − R என்பதே வாய்க்காலின் ஓட்டம். அடி மின்னோட்டமான IB, இரு சந்திகளிலும் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய நாம் செலுத்தவேண்டிய கட்டணம் போன்றது. உமிழ்ப்பான் பக்கத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இழப்பு, ஆகவே βF = 100. சேகரிப்பான் அவ்வேலைக்கென ஆக்கப்படாததால் அப்பக்கத்தில் இழப்பு மிக அதிகம்; நமது கணக்கில் βR = 1 என்று கொள்வோம். IS என்பது மிகச் சிறிய ஒரு மாறிலி. 10^−14 அம்பியர் என்று கொள்வோம். VT என்பது வெப்பநிலையைப் பொறுத்த அளவு; ஏறத்தாழ 29 பாகை செல்சியசில் 0.026 வோல்ற்று.

மூன்று நிலைகளும் இதனுள் அடங்கும் விதம்

முதலாவது, துண்டிப்பு நிலை. அடியும் உமிழ்ப்பானும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் F பூச்சியம். சேகரிப்பான் 5 வோல்ற்றில் இருப்பதால் VBC மறையாகி, R வெறும் −IS ஆகும். எஞ்சும் மின்னோட்டம் 10^−14 என்ற தரத்தில் உள்ளது. நமது மானி அதனைக் காணவே முடியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "0.6 வோல்ற்றில் திரான்சிற்றர் திறக்கும்" என்று பாடமாக்கியிருப்பீர்கள். சமன்பாட்டில் அப்படியொரு கதவு இல்லை. VBE 0.48 வோல்ற்றாயின் மின்னோட்டம் 1 மைக்குரோ அம்பியர்; 0.54 ஆயின் 10, 0.60 ஆயின் 100, 0.66 ஆயின் 1000, அதாவது 1 மில்லி அம்பியர். படிப்படியாகப் பத்துப்பத்து மடங்காக ஏறுகிறது. நமது தடைக்கும் மானிக்கும் எங்கே அது புலப்படத் தொடங்குகிறதோ, அங்கே நாம் கோடு கிழிக்கிறோம். கோடு நம்முடையது, திரான்சிற்றருடையது அன்று.

இரண்டாவது, உயிர்ப்பு நிலை. மாணவனின் முதல் அளவீட்டில் சேகரிப்பான் மின்னோட்டம் 2 மில்லி அம்பியர்; தடையில் 2 வோல்ற்று விழுந்து, சேகரிப்பானில் 3 வோல்ற்று எஞ்சுகிறது. VBE ஏறத்தாழ 0.68. ஆகவே VBC = 0.68 − 3 = −2.32 வோல்ற்று. கீழ்க்குளம் முற்றாக வறண்டுவிட்டது, R புறக்கணிக்கத்தக்கது. சமன்பாடு IC = F, IB = F/100 என்று சுருங்குகிறது. "நூறு மடங்கு" என்ற விதி இங்கிருந்துதான் பிறந்தது. அது தனி விதி அன்று. R இல்லாதபோது பொது விதி எடுக்கும் வடிவம்.

மூன்றாவது, நிரம்பல் நிலை. இரண்டாம் அளவீட்டை முழுமையாகச் செய்து பார்ப்போம். சேகரிப்பானில் ஏறத்தாழ 0.1 வோல்ற்றே எஞ்சும் என்று தற்காலிகமாகக் கொள்வோம்; அப்போது IC = 4.9 மில்லி அம்பியர். IB = 0.1 என்பது நாம் கொடுத்தது. βR = 1 ஆகையால்:

```
F − 2R     = 4.9
F/100 + R  = 0.1
```

இரண்டாவதிலிருந்து R = 0.1 − F/100. இதை முதலாவதில் இட்டால் 1.02 F = 5.1. எனவே F = 5 மில்லி அம்பியர், R = 0.05 மில்லி அம்பியர்.

இதோ மாணவனின் கேள்விக்கு விடை. அடி மின்னோட்டமான 0.1 மில்லி அம்பியரில் பாதி, அதாவது F/100 = 0.05, உமிழ்ப்பான் பக்க இழப்புக்குப் போயிற்று. மறுபாதி 0.05 சேகரிப்பான் பக்க இழப்புக்குப் போயிற்று; ஏனெனில் கீழ்க்குளத்திலும் இப்போது நீர் ஏறியிருக்கிறது. உமிழ்ப்பான் பக்கத்தில் இன்னமும் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதமே நிலவுகிறது. பெருக்கம் குறையவில்லை, பங்கு கேட்க இன்னொருவர் வந்துவிட்டார்.

சேகரிப்பானின் மின்னழுத்தத்தையும் இதிலிருந்தே பெறலாம். F, R இரண்டின் விகிதம் 100. பத்து மடங்குக்கு 0.06 வோல்ற்று என்றால் நூறு மடங்குக்கு 0.12 வோல்ற்று. ஆகவே VBE 0.70, VBC 0.58, சேகரிப்பான்–உமிழ்ப்பான் மின்னழுத்தம் 0.12. நாம் 0.1 என்று கொண்டு தொடங்கினோம், 0.12 கிடைத்தது, அதனால் IC 4.88 ஆகும். தொடக்க ஊகத்துக்கும் விடைக்கும் உள்ள வேறுபாடு மானியின் பிழையை விடச் சிறியது. "நிரம்பல் நிலையில் 0.2 வோல்ற்று என்று எடுத்துக்கொள்க" என நூல்கள் கூறும் எண்ணுக்குப் பின்னால் இருப்பது இத்தகைய கணக்கே. உண்மைத் திரான்சிற்றரில் உள்ளிருக்கும் சிறு தடைகளும் சேர்வதால் அது சற்று உயரும்.

எல்லைக்கோட்டைப் பற்றியும் ஒரு சொல். VBC நேராகிவிட்டால் நிரம்பல் தொடங்கிவிட்டது என்று நூல்கள் கூறும். ஆனால் இதே சுற்றில் சேகரிப்பான் 0.2 வோல்ற்றில் நிற்கும்போது, VBC 0.5 வோல்ற்றாகியும், R வெறும் 0.002 மில்லி அம்பியர்தான். நூலின்படி நிரம்பல், மானியின்படி இன்னும் உயிர்ப்பு. இங்கும் கதவு இல்லை, சரிவுதான் உண்டு.

திருப்பிப் பொருத்திய திரான்சிற்றர்

விளக்கம் கேட்டபின்பும் மாணவன் ஒரு புதிய திரான்சிற்றர் வாங்கிப் பொருத்தினான். அதனால் இன்னொரு பாடம் கிடைத்தது. பழையது 2N3904, புதியது BC547. தட்டையான முகம் நம்மை நோக்கி, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், 2N3904இன் கால்கள் இடமிருந்து வலமாக உமிழ்ப்பான், அடி, சேகரிப்பான் என்று அமையும். BC547 இலோ சேகரிப்பான், அடி, உமிழ்ப்பான். அதே துளைகளில் அதே பக்கமாகச் செருகியதால் உமிழ்ப்பானும் சேகரிப்பானும் இடம் மாறிவிட்டன. விளக்கு எரியவில்லை. "இதுவும் பழுது" என்றான்.

சமன்பாட்டைக் கேளுங்கள். இப்போது சேகரிப்பான் சந்திதான் மேற்குளம். F மறைந்து R மட்டும் நிற்கிறது. IB = R/βR; βR = 1. ஆகவே 0.02 மில்லி அம்பியர் கொடுத்தால் 0.02 மில்லி அம்பியரே பாயும். தடையில் விழுவது 0.02 வோல்ற்று மட்டும், மேற்கால் 4.98 வோல்ற்றில் நிற்கும். பழுதான திரான்சிற்றரையும் திருப்பிப் பொருத்தியதையும் வேறுபடுத்த இதுவே வழி: அடி மின்னோட்டத்தை ஐந்து மடங்காக்குங்கள். தடையிலுள்ள சிறு மின்னழுத்தமும் அதற்கேற்ப உயர்ந்தால் திரான்சிற்றர் உயிரோடுதான் இருக்கிறது, முகம்தான் திரும்பியிருக்கிறது. βR திரான்சிற்றருக்குத் திரான்சிற்றர் வேறுபடும். ஆனால் βFஐ விட மிகச் சிறியதாகவே இருக்கும்.

மூன்று கட்டங்களை மட்டும் பாடமாக்கியவருக்கு இந்த நான்காவது நிலை புதிராக இருக்கும். ஒரே விதியை அறிந்தவருக்கு அது எழுத்துகளை மாற்றி எழுதுவது மட்டுமே.

இதனைக் கண்டவர்கள், இதன் எல்லைகள்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் திரான்சிற்றர் இயங்கியது. 1949இல் ஷொக்லி சந்தித் திரான்சிற்றரின் கோட்பாட்டை வெளியிட்டார். 1954இல் எபர்ஸ், மோல் என்ற இருவர், சிறு அசைவுகளுக்கு மட்டுமன்றி முழு வீச்சுக்கும் பொருந்தும் சமன்பாடுகளை எழுதினர். திரான்சிற்றரை ஆளியாகப் பயன்படுத்துவோருக்கு அது தேவைப்பட்டது; ஆளி என்பது துண்டிப்பிலிருந்து நிரம்பலுக்குத் தாவுவது அல்லவா? அவர்கள் வடிவத்தில் இரு இருவாயிகளும் நான்கு மாறிலிகளும் இருந்தன. வாய்க்கால் ஒன்றே என்பதால் இரு திசைக்கும் பொதுவான IS ஒன்றே போதும். மாறிலிகள் மூன்றாகச் சுருங்குகின்றன. நாம் மேலே எழுதியது அச்சுருங்கிய வடிவமே.

கணினியில் சுற்றுகளை ஆராயும் ஸ்பைஸ் என்ற மென்பொருள் 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. மூத்த மாணவர்கள் நமது கணக்கை அதில் இவ்வாறு சரிபார்க்கலாம்:

```
Tank circuit
Vcc 1 0 5
Rc  1 2 1k
Ib  0 3 0.1m
Q1  2 3 0 QN
.model QN NPN(IS=1e-14 BF=100 BR=1)
.op
.end
```

எந்த நிலை என்று இதில் எங்கும் நாம் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். மென்பொருள் VBE, VBC இரண்டையும் தேடிக் கண்டுபிடிக்கிறது. நிலை தானாக வெளிப்படுகிறது.

இம்மாதிரிக்கு எல்லைகளும் உண்டு. சேகரிப்பான் மின்னழுத்தம் உயர்ந்தால் அடிப்பகுதி மேலும் மெலிந்து மின்னோட்டம் சற்றே ஏறுவதையும், பெரிய மின்னோட்டங்களில் பெருக்கம் உண்மையிலேயே குறைவதையும் இது காட்டாது. 1970இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கும்மெல், பூன் ஆகியோர் அடியிலுள்ள மின்னேற்றத்தைக் கணக்கில் எடுத்து இக்குறைகளைத் தீர்த்தனர். சந்தி முறிவையும் இது அறியாது. BC547இன் உமிழ்ப்பான் சந்தி எதிர்த்திசையில் தாங்கக்கூடியதாகக் குறிக்கப்பட்டுள்ளது 6 வோல்ற்று மட்டுமே. மாணவன் 5 வோல்ற்றுக்குப் பதிலாக 9 வோல்ற்று மின்கலத்தில் திருப்பிப் பொருத்தியிருந்தால், அடியின் அனுமதியின்றியே மின்னோட்டம் பாய்ந்திருக்கக்கூடும்.

நம் ஊர் வெயிலையும் மறக்கலாகாது. IS வெப்பத்தோடு விரைந்து வளர்வது. அதே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் VBE, பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.002 வோல்ற்று குறைகிறது. மொட்டை மாடியில் மூடிய பெட்டிக்குள் வெப்பநிலை 30 பாகையிலிருந்து 70 பாகைக்கு ஏறினால் 0.08 வோல்ற்று குறையும். அடிக்கு நிலையாக 0.60 வோல்ற்று கொடுத்து, "இது துண்டிப்பு" என்று நம்பியிருந்தால், அறையில் 0.1 மில்லி அம்பியராக இருந்தது அங்கே பத்து மடங்குக்கு மேலாகிவிடும். தொட்டி வெறுமையாக இருந்தும் விளக்கு மங்கலாக எரியும். ஆகவே அடியிலிருந்து உமிழ்ப்பானுக்கு ஒரு தடையை இணைத்து, நீர் தொடாதபோது VBE பூச்சியத்தில் நிற்கச் செய்யவேண்டும். நமது மாணவன் அப்படியே செய்தான். சுற்று கோடையைக் கடந்தது.

பயிற்சி: அதே சுற்றில் அடி மின்னோட்டத்தை 0.2 மில்லி அம்பியராக்கினால் சேகரிப்பான் மின்னழுத்தம் யாது? IC 4.9 என்றே கொண்டு தொடங்குக. (விடை: F ஏறத்தாழ 5.2, R ஏறத்தாழ 0.15 மில்லி அம்பியர். மின்னழுத்தம் ஏறத்தாழ 0.09 வோல்ற்று.) அடி மின்னோட்டத்தை இரட்டித்தும் IC அசையவில்லை, மிகுதி எல்லாம் R பக்கம் போய்விட்டது என்பதை நீங்களே காண்பீர்கள்.

வன்னியில் கேள்வி கேட்ட அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குரிய விடை இதுதான்: தம்பி, திரான்சிற்றருக்கு யாரும் சொல்வதில்லை. அதற்குத் தெரிந்தவை இரண்டு மின்னழுத்தங்கள் மட்டுமே. பெயர்களை வைத்தவர்கள் நாங்கள்.